கைநாட்டுக்கு அடியில் இருந்த எண்

அந்தத் தாளைக் கெடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் பெருமையைச் சொல்லும்போது யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

காஜா பேராங்கில் ஒரு வக்கீல் ஆபிஸில் பதினெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தேன். ஸ்கேனர் மூடியின் மேல் பாஸ் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இருந்தது: கறுப்பு வெள்ளை, இருநூறு டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு இருநூறு புள்ளி. வீட்டு ஒப்பந்தங்களுக்கு அது போதும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, பிடிஎஃப் சின்னதாக வரும், மின்னஞ்சலில் போய்விடும். எந்தத் தாள் வந்தாலும் நாங்கள் அதையே அழுத்தினோம். யோசிப்பதற்கா சம்பளம்?

குருபோங்கிலிருந்து ஓர் அக்கா வந்தார். அறுபது தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தார், பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் கையில் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே பிள்ளை பெற்று, ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம். அவரிடம் இருந்த ஒரே பலம், மெர்டேக்கா சமயத்தில், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது, அவர் அப்பா வாங்கிய குடியுரிமைத் தாள். பழுத்து மஞ்சளான தாள். டைப் அடித்த எண், அதன் மேலேயே ஊதா மையில் அப்பாவின் கைநாட்டு.

பதிவு அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. சான்றிதழ் எண் தெரியவில்லை, இரண்டு வாரத்துக்குள் தெளிவான நகல் அனுப்பவும். எங்கள் பிடிஎஃபைத் திறந்து பார்த்தேன். கைநாட்டு இருந்த இடத்தில் கரிக்கட்டை மாதிரி ஒரு திட்டு. எண் அதற்குள் போயிருந்தது. கறுப்பு வெள்ளை என்றால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. ஊதாவுக்கு அங்கே இடமில்லை.

பக்கத்து மேஜைத் தம்பி அந்தப் பிடிஎஃபையே பிரிண்ட் எடுத்து அறுநூறில் மறுபடி ஸ்கேன் பண்ணினான்.

"கா, இப்ப பெரிசா இருக்கு பாருங்க" என்றான் என்னிடம்.

"அழுக்கு பெரிசா இருக்கு. நம்பர் எங்கலா?"

"கொஞ்சம் பிரைட்னஸ் ஏத்தட்டா?"

"இல்லாததுக்கு லைட் அடிச்சா வந்துருமா? போ, குடிக்கக் கோப்பி போடு."

அக்காவுக்குப் போன் செய்தேன். அசல் தாள் வேண்டும் என்றதும் குரல் மாறிவிட்டது.

"அன்னிக்கே குடுத்தேன்லா, தங்கச்சி. மறுபடி எதுக்கு?"

"நான் தப்பா ஸ்கேன் புடிச்சிட்டேன் கா. என் தப்புதான்."

கொண்டுவரச் சம்மதித்தார். பிறகு, "நானும் கூடவே நிப்பேன்" என்றார்.

நின்றார். பால் மாவு டின்னிலிருந்து தாளை எடுத்து அவரே கண்ணாடியின் மேல் வைத்தார். மேலே செருகினால் மெஷின் இழுக்கும், மடிப்பில் கிழிந்துவிடும் என்று நான் செருகவிடவில்லை. முதலில் சாம்பல் நிறத்தில் முந்நூறு. ரேகைகள் தெரிந்தன, ஆனால் ஊதாவும் கறுப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக நின்றன. எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் ஆறா எட்டா என்று சொல்ல முடியவில்லை. கலருக்கு மாற்றி அறுநூறு வைத்தேன். எல்லாம் தெரிந்தது, ஆனால் ஒரு பக்கமே ஏழு எம்பி. பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் ஐந்துக்கு மேல் ஏற்ற முடியாது. கலரை விடாமல் முந்நூறுக்கு இறக்கினேன். இரண்டு எம்பிகூட இல்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊதா தனியே, அதன் அடியில் கறுப்பு எண் தனியே. ஒவ்வோர் இலக்கமும்.

பாஸ் எட்டிப் பார்த்தார். "கலரா? எழுதி ஒட்டியிருக்கனே, படிக்கலயா?"

"படிச்சேன் பாஸ். அதைப் படிச்சுதான் இந்த அக்கா கேஸ் திரும்பி வந்துச்சு."

அவர் முகம் சிவந்தது. நான் நகரவில்லை. அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா விரல் இவ்ளோ பெரிசு" என்றார். "பால் மரம் வெட்டுன விரல்."

பாஸ் குனிந்து திரையைப் பார்த்தார். "அதையே அனுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயந்திரமே அனுப்பினேன். எண் அவர்கள் பதிவில் கிடைத்தது. பிறகு நேர்காணல், கையெழுத்து, காத்திருப்பு என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதெல்லாம் அக்கா பட்ட பாடு, என் சாமர்த்தியம் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கைநாட்டுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்தது நான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

குடிமக்களுக்குரிய நீல ஐசி கிடைத்த அன்று ஆபிஸுக்கு வந்து என் மேஜை மேல் அதை வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன், அவர் படம் நன்றாக விழவில்லை என்று சொன்னேன். சிரித்தார். அடுத்த தேர்தலில் தெங்கேராவில் இருக்கும் தன் மகளையும் இழுத்துக்கொண்டு, வாக்குச்சாவடி திறப்பதற்கு முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாராம்.