வராத மூவருக்கு ஒரு பக்கம்

திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸமீஹாவின் மேசைத் தொலைபேசி அடித்தால் அது ஆழ்வார்குறிச்சி இசக்கிச்செல்வியாகத்தான் இருக்கும். மேலப்பாளையத்தில் உள்ள அந்த அறக்கட்டளை மருத்துவமனையின் டயாலிசிஸ் காத்திருப்புப் பட்டியலில் அவள் பதினேழாவது பெயர். எட்டு மாதமாக அதே இடம்.

"என்னம்மா, எவனாவது செத்தாத்தான் எனக்கு இடமா? அத நேராச் சொல்லிரு. தெரிஞ்சுக்கிடுதேன்."

டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு நாள் நாகர்கோவில் வரை போய் வருகிறாள். விடியுமுன் கிளம்பி, பாதி உயிரோடு திரும்புகிறாள். ஸமீஹாவுக்கு அவள் முகம் தெரியாது. வசவு மட்டும் தெரியும்.

ஸமீஹா அந்த மருத்துவமனையின் அலுவலக மேலாளர். வயது முப்பத்தாறு. பதிவுச்சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே மேலே வந்தவள். புருஷன் ரியாத்தில். மாமியார் வீட்டில் அவளுக்கு 'ஆஸ்பத்திரிக்காரி' என்று பெயர். அது பாராட்டுக்காக வைத்த பெயர் அல்ல.

மருத்துவமனையில் ஏழு டயாலிசிஸ் இயந்திரங்கள் இருந்தன. ஒன்று அவசரத்துக்கு. மீதி ஆறும் காலை ஆறு முதல் பத்து, பதினொன்று முதல் மூன்று என்று இரண்டு ஷிஃப்ட் ஓடின. மாலை நாலு முதல் எட்டு வரை மூன்றாவது ஷிஃப்ட் போட்டால் இன்னும் பதினெட்டுப் பேருக்கு வாரம் இரண்டு முறை செய்யலாம். காத்திருப்பவர்கள் பதினேழு பேர். இந்த ஒரு கணக்கைச் சொல்வதற்கு ஸமீஹா முப்பத்தெட்டு ஸ்லைடு தயாரித்தாள். மருத்துவமனை ஆரம்பித்த கதை, பழைய புகைப்படங்கள், ஐந்து வருஷத்து வரைபடங்கள், ஒரு நோயாளியின் நன்றிக் கடிதம் எல்லாம் இருந்தன. ஒரு மாத உழைப்பு.

அறங்காவலர்கள் ஏழு பேர். மஸ்கட், துபாய், கோலாலம்பூர் என்று மூன்று பேர் வெளிநாட்டில். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர்களைக் காணொளியில் இணைத்தார்கள். ஏழாவது ஸ்லைடோடு இணைப்பு அறுந்தது. திரும்ப வரவேயில்லை. அறையில் இருந்த நாலு அறங்காவலர்களில் டாக்டரும் ஜமீலா பீவியும் சரி என்றார்கள். செயலாளர் தாஜ் முகம்மது ஹாஜியார் இருபத்தைந்து நிமிஷம் எழுந்து நின்று பேசி, கூடாது என்றார். இன்னொருவர் அவர் பக்கம் சாய்ந்தார். இரண்டுக்கு இரண்டு. இனி வராத அந்த மூன்று பேர் சொல்வதுதான் முடிவு.

"அவுகளுக்கு முப்பத்தெட்டையும் அனுப்பிராத," என்றார் ஹாஜியார், நாற்காலியை விட்டு எழாமலேயே. "ஒரு தாளு. அதுக்கு மேல ஒரு வரி இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன். வியாழக்கிழமைக்குள்ள குடு."

அறங்காவலர்களுக்கு எந்தக் காகிதம் போவதானாலும் செயலாளர் கைவழியாகத்தான் போகும். எழுதாத சட்டம். டாக்டர்கூட அதை மீறியதில்லை. புதிதாக எடுக்க நினைத்திருந்த இரண்டு டெக்னீஷியன்களும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இல்லையென்றால் வேறு இடத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஹாஜியாருக்கு இதுவும் தெரியும்.

அலுவலகத்தில் தட்டச்சு பார்க்கும் அஃப்சல் சிரித்துக்கொண்டே ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். முப்பத்தெட்டு ஸ்லைடையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தான்.

"ஹாஜியார் சொன்னாவ. ஒரு பக்கந்தானே வேணும்? முடிஞ்சிட்டு."

"இத வாசிக்க பூதக்கண்ணாடியும் சேத்து அனுப்புவியா?"

"வாசிக்கணும்னு ஆரு சொன்னாக்கா?"

அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஸமீஹா தானே உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வரி என்று எழுதினாள். எழுத்தைச் சுருக்கினாள், ஓரத்தைக் குறைத்தாள். பக்கம் எறும்பு மொய்த்ததுபோல ஆனது. ஆனாலும் ஒரு பக்கம். செவ்வாய்க்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் அறைக்குப் போய், மூத்த டெக்னீஷியன் மகாராஜனிடம் கொடுத்தாள். அவன் கூட்டத்துக்கு வராதவன். வராதவனுக்கு விளங்கினால்தான் மஸ்கட்காரருக்கு விளங்கும்.

"ஒரு நிமிசம் பாரு. பொறவு என்ன கேட்டிருக்குன்னு சொல்லு."

மகாராஜன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசித்தான். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரி நல்லா நடக்குன்னு சொல்லுதிய. சந்தோசம்."

"அதுக்குக் கீழ?"

"கீழயும் அதத்தான் சொல்லுதிய. எதுக்கு இப்பச் சொல்லுதியன்னுதான் தெரியல." அவன் விரல் ஒரு வரியில் நின்றது. முகம் மாறியது. "இது என்னக்கா, 'பணியாளர் மறுசீரமைப்பு'? மூணாவது ஷிஃப்ட்டுன்னு பேசிக்கிட்டாவளே, அதும் என் தலையிலயா? அதத்தான் இப்பிடி ஒளிச்சு வச்சிருக்கியளா?"

"உனக்கு இல்ல மகாராஜா, புதுசா ரெண்டு ஆளு எடுக்கோம்."

"அத எழுத வேண்டியதான? வாயில சொல்லுதது தாளுல எங்க இருக்கு? நீங்க மஸ்கட்டுக்குப் போயி பக்கத்துல நின்னு சொல்லப் போறியளா?"

தாளை அவள் கையில் திணித்துவிட்டு அவன் திரும்பிக்கொண்டான். இயந்திரம் ஒன்று கீச்சென்று அலறியது. அதை அடக்கப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மேடையில் நின்று பேசும்போது கேட்பவன் முகத்தைப் பார்த்து அடுத்த வார்த்தையை மாற்றலாம். தாளுக்குக் கண் இல்லை. கேள்வி எழும் என்று முன்கூட்டியே தெரிந்து, பதிலை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

அன்று சாயந்திரம் அறுக்க ஆரம்பித்தாள். மருத்துவமனை ஆரம்பித்த கதை போனது. அந்த மூன்று பேரும் ஆரம்பித்தவர்கள்தான். வரைபடங்கள் போயின. நன்றிக் கடிதத்தை மட்டும் மூன்று தடவை வெட்டி மூன்று தடவை திரும்பச் சேர்த்து, கடைசியில் வெட்டினாள். முதல் வரியிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டாள்: மூன்றாவது ஷிஃப்ட் அடுத்த மாதம் முதல் தேதியில் தொடங்க அனுமதி வேண்டும்; வியாழன் இரவுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும். அதற்குக் கீழே காத்திருப்பவர்கள் எத்தனை, கிடைக்கும் இடம் எத்தனை. புதிதாக இரண்டு ஆள், மாதச் செலவு ஒரே எண்ணாக. பதில் தாமதித்தால் அந்த இரண்டு ஆளும் கிடைக்க மாட்டார்கள் என்பது ஒரு வரி. சந்தேகம் என்றால் கூப்பிட டாக்டர் எண்ணும் தன் எண்ணும். எழுத்து பெரிதாக, செல்போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்காமலே வாசிக்கிற மாதிரி.

பக்கத்தில் இன்னும் நாலு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. அதில் 'கூட்டத்தில் வந்த எதிர்ப்பு' என்று தலைப்புப் போட்டாள். வந்தவர்கள் கேட்டதை வராதவர்களும் கேட்க வேண்டாமா? இருபத்தைந்து நிமிஷப் பேச்சு இரண்டு வரியில் அடங்கியது. ஒன்று, ஓய்வில்லாமல் ஓடினால் இயந்திரம் பழுதாகும். பதில்: ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கிருமிநீக்கம் இப்போதுபோலவே நடக்கும், சர்வீஸ் இன்னும் அடிக்கடி செய்யப்படும், அதுவும் செலவில் சேர்ந்திருக்கிறது. இரண்டு, 'காத்திருக்கும் பதினேழு பேரில் பதினொருவர் ஏர்வாடி, கடையநல்லூர், அம்பை என்று வெளியூர்க்காரர்கள். அவர்களுக்காக நாம் ஏன் செலவழிக்க வேண்டும்? — செயலாளர்.'

புதன்கிழமை ஹாஜியார் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னைய அசிங்கப்படுத்தப் பாக்குதியா?"

"நீங்க சொன்னதுதான் ஹாஜியார். ஒரு சொல்லும் நான் சேக்கல."

"சொன்னது அறைக்குள்ள. சொல்லுத முறைன்னு ஒண்ணு இருக்கு. இருபத்திரெண்டு வருசமா இந்த ஊர்க்காரன்ட்ட வீடு வீடா வசூல் பண்ணி இத நடத்துதேன். நன்கொடை குடுத்தவன் தாய் நாளைக்கு வந்து நின்னா இடமில்லன்னு நீயா சொல்லுவ? இதெல்லாம் விளக்கிச் சொன்னேன். நீ எலும்ப மட்டும் உருவி வச்சிருக்க. எடு இத."

"எடுத்தா, ஏன் ரெண்டு பேரு வேண்டாம்னாங்கன்னு அவுகளுக்குத் தெரியாது. கேப்பாங்க."

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

அதுதான் பயம். தாள் போன பிறகு தொலைபேசியில் தனித்தனியாக இருபத்தைந்து நிமிஷம். இவர் அனுப்பாவிட்டால் தாள் இல்லை. எதிர்ப்பை எடுத்துவிட்டால் தாள் இருந்தும் இல்லை.

"அப்ப நீங்களே எழுதுங்க," என்றாள். பேனாவை மேசைமேல் வைத்தாள். "அந்த ரெண்டு வரி இடம் உங்களுக்கு. நீங்க எழுதுதத அப்பிடியே போடுதேன். ஆனா அவ்வளவுதான் இடம். ஒரு பக்கம்னு நீங்கதான் சொன்னிய."

ஹாஜியார் அவளைப் பார்த்த பார்வையில் வேலை போய்விடும் என்றே தோன்றியது. பிறகு பேனாவை எடுத்தார். 'செயலாளருக்கு ஆட்சேபம் உண்டு. நேரில் விளக்குவார்' என்று எழுதினார்.

"நேர்ல வரமுடியாதவங்களுக்குத்தான் இந்தத் தாளு," என்றாள் ஸமீஹா.

"வாய மூடு."

அடித்தார். வேறு எழுதினார். அதுவும் வெளியூர்க்காரன் வேண்டாம் என்றே வந்து நின்றது. அடித்தார். நின்று பேசும்போது மலைபோல இருந்தது, எழுதும்போது அவருக்கே கூசியது. கால் மணி நேரம். வெளியே மருந்துக் கவுண்டரில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தாளை அவள் பக்கம் எறிந்தார். கோணல் எழுத்தில் ஒரு வரி: 'இடம் காலியாகும்போதெல்லாம் மேலப்பாளையத்தாருக்கு முதல் உரிமை என்ற நிபந்தனையோடு மட்டுமே அனுமதிக்கலாம்.'

ஸமீஹா அதை இரண்டு தடவை வாசித்தாள். கூடாது என்றவர் நிபந்தனை போட்டிருந்தார். பதினேழு பேருக்குப் பதினெட்டு இடம். இன்றைக்கு இந்த வரியால் யாருக்கும் நஷ்டமில்லை. நாளைக்கு? ஓர் இடம் காலியாகி, அம்பைக்காரரும் மேலப்பாளையத்துக்காரரும் ஒன்றாக நின்றால், அம்பைக்காரரிடம் இல்லை என்று சொல்லப்போகிறவள் அவள்தான். அது தெரிந்தேதான் தட்டச்சு செய்தாள்.

புதன் மாலையே ஹாஜியார் தாளை அனுப்பினார். வியாழன் இரவுக்குள் மூன்று பதிலும் வந்துவிட்டன. மஸ்கட்: சம்மதம். துபாய்: நிபந்தனையோடு சம்மதம். கோலாலம்பூர்க்காரர் புது ஆள் எத்தனை என்று கேட்டு, அடுத்த நிமிஷமே, பார்த்துவிட்டேன், தாளிலேயே இருக்கிறது, சம்மதம் என்று அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வராந்தாவில் ஹாஜியார் எதிரே வந்தார்.

"ஜெயிச்சிட்டோம்னு நெனைக்காத," என்றார். "அடுத்த கூட்டத்துக்கு நீ வரவேண்டாம். தாளு மட்டும் வரட்டும்."

அவள் ஸலாம் சொன்னாள். அவர் நிற்காமலேயே பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே காத்திருப்புப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பதினேழாவது அழைப்பில் இசக்கிச்செல்வி.

"ஒண்ணாந்தேதியில இருந்து உங்களுக்கு இடம் இருக்கு. வாரம் ரெண்டு நாளு, சாயந்திரம் நாலு மணிக்கு."

"நாலு மணின்னா முடிய எட்டு ஆவுமே. ஊசி எடுத்த கையோட, தள்ளாடிக்கிட்டு ஆழ்வார்குறிச்சிக்கு நான் எந்த பஸ்ஸுல போவேன்? இத யோசிச்சியளா?"

முப்பத்தெட்டு ஸ்லைடிலும் அது இல்லை. ஒரு பக்கத்திலும் இல்லை.

"யோசிக்கல," என்றாள் ஸமீஹா.

"யோசிக்க மாட்டிய. நீங்கள்லாம் ஒக்காந்து எழுதுத ஆளுக." இருமினாள். "பேர எழுதிக்கோ. வாரேன். வராம எங்க போவ."