எல்லாக் கட்டத்திலும் டிக்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பரீட்சை ஃபாரம், சாதிச் சான்று, வேலைக்கு மனு என்று காலையிலிருந்து உட்கார்ந்தால் முதுகு கழன்றுவிடும். ஃபாரத்தின் அடியில் வரும் சின்னக் கட்டங்களை முன்பெல்லாம் நான் படித்ததே இல்லை. மடமடவென்று எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு நர்ஸ் பொண்ணு வந்தது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வீடே அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. வெளிநாட்டு வேலைக்கு ஒரு இணையதளத்தில் பதிய வேண்டும், ஆனால் இங்கே ஆஸ்பத்திரிக்குத் தெரியக்கூடாது என்று முதலிலேயே சொன்னது. கடைசியில் மூன்று கட்டங்கள் வந்தன. திரையில் விரலை வைத்து,

"இதெல்லாம் போடணுமாண்ணே?" என்றது.

"எல்லாம் போட்டாத்தாம்மா உள்ள போகும்" என்றேன். படிக்காமலேதான் சொன்னேன்.

பத்து நாளில் திரும்பி வந்தது. அது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியும் ஆள் எடுக்க அதே தளத்தில்தான் பதிந்திருக்கிறது. நர்ஸ் பட்டியலில் தேடியவர்கள் கண்ணில் இதன் படம் பட்டுவிட்டது. போகிறவள் இப்போதே போ என்று அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்தோ ஒரு பதிலும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கட்டங்களைப் படித்தேன். முதலாவது, தளத்தின் விதிகளுக்குச் சம்மதம். அதில் மட்டும் கட்டாயம் என்பதற்கான சிவப்பு நட்சத்திரம் இருந்தது. இரண்டாவது, பதிந்துள்ள எல்லா ஆஸ்பத்திரிகளும் என் விவரத்தைப் பார்க்கலாம். மூன்றாவது, கூட்டு நிறுவனங்கள் விளம்பரத்துக்கு என்னை போனில் அழைக்கலாம். இரண்டாவதை விட்டிருந்தால், அந்தப் பொண்ணு மனுப் போட்ட இடங்களுக்கு மட்டும் விவரம் போயிருக்கும்.

செட்டிங்கில் போய் அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன். இனிமேல் தேடுபவர்களுக்குத் தெரியாது, ஏற்கெனவே பார்த்து இறக்கிக்கொண்டவர்களிடம் இருப்பது இருப்பதுதான் என்றும் சொன்னேன். அது தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதுக்கோட்டையிலேயே இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மனுப் போட வேண்டும் என்றது. அந்த ஃபாரத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள். நட்சத்திரம் இருந்ததில் மட்டும் டிக் போட்டு அனுப்பினேன். ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போனது. பதிவு எண் வந்ததைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டது:

"அப்ப அன்னைக்கும் போயிருக்குமாண்ணே?"

"போயிருக்கும்மா."

பிரிண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது.

இப்போது ஒவ்வொரு கட்டத்தையும் படித்துச் சொல்லிவிட்டுத்தான் டிக் போடுகிறேன். வரிசை வாசல்வரை நிற்கிறது. "படிச்சிக்கிட்டிருக்காம எல்லாத்துலயும் போட்டு விடுங்கண்ணே, பஸ் போயிரும்" என்கிறார்கள்.