தண்ணீரைக் குறைக்கவும்

எனக்கு முன்கோபம் உண்டு. வார்டில் எல்லாருக்கும் தெரியும். நோயாளி பொய் சொல்கிறார் என்று மனசுக்குப் பட்டுவிட்டால் போதும், குரல் ஏறிவிடும். அப்படி ஏறிய குரலோடு நான் எழுதிய ஒரு வரியால் ஓடைப்பட்டிப் பெண் ஒருத்தி சாகக் கிடந்தாள். இத்தனை நாள் அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பொதுமருத்துவம் பார்க்கிறேன். அவள் முதல் தடவை வந்தபோது கூட வந்தவர் கணவர் மட்டும்தான். சொந்தமாகத் திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர். ஒரு வருஷமாக அவளுக்கு அடங்காத தாகம். ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், பன்னிரண்டு லிட்டர் குடிக்கிறாள். குடித்த அளவு அப்படியே சிறுநீராகப் போகிறது. ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்திருக்கிறாள். சர்க்கரை நோய் இல்லை. கால்சியம், பொட்டாசியம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருந்தன. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்தால் குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படி வருகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. சில மணி நேரம் தண்ணீரை நிறுத்திவைத்து, மணிக்கொரு தரம் எடை, சிறுநீர், ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு எல்லாம் பார்ப்போம். மனசு கேட்டுக் குடிக்கிறவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் மெல்ல மெல்லக் கெட்டிப்படும். உடம்பில் தண்ணீரைக் காக்கும் ஹார்மோன் கோளாறு என்றால் வறண்டு போனாலும் சிறுநீர் வெளுத்தே இருக்கும், எடை இறங்கும், உப்பு ஏறும். அவளுக்குக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம்.

பதினோரு மணிக்குள் இரண்டு லிட்டர் சிறுநீர் போயிருந்தது. எடை முந்நூறு கிராம்தான் குறைந்திருந்தது. உப்பு ஏறவே இல்லை, 143. கணக்கு உதைத்தது. இரண்டு லிட்டர் வெளியே போனால் எடை இரண்டு கிலோ இறங்க வேண்டும். ஒளித்துக் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பாத்ரூம் குழாயைச் சந்தேகப்பட்டேன்.

"தண்ணி குடிச்சியா இல்லையா, உண்மையைச் சொல்லும்மா."

"இல்ல டாக்டரம்மா. ஒரு சொட்டுக் குடிக்கல."

"பின்ன எடை எப்படி நிக்குது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பொய்க்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். சோதனையை நிறுத்திவிட்டு, சீட்டில் மனம் சார்ந்த அதிதாகம் என்று எழுதி, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். கீழே தமிழில், வீட்டுக்காரர்களுக்குப் புரியட்டும் என்று, 'தண்ணீரைக் குறைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நியாயமாக யோசித்திருந்தால், ஹார்மோன் இல்லாதவளும்தான் தாகம் தாங்காமல் ஒளித்துக் குடிப்பாள். மனநோயால் தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருந்தால் உப்பு தாழ்ந்து நிற்கும், 143 என்று, மேல்வரம்பான 145-ஐ உரசிக்கொண்டு இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கோபத்தில் இருக்கிறவளுக்குத் தெரிந்தது எதற்கு உதவும்.

மூன்றாவது வாரம், காலை பத்து மணிக்கு, வேனில் தூக்கி வந்தார்கள். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தாள், பேச்சு குழறியது. உப்பு 159. குழாய் வைத்து மாட்டிய பையில் வந்து விழுந்த சிறுநீரைப் பார்த்தேன். இவ்வளவு வறண்டவளுக்கு அது தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வந்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அடர்த்தி 1.002, வெறும் தண்ணீருக்கு 1.000. அதற்குமேல் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்கு மனசில் ஒன்றுமில்லை.

கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் சாயங்காலம் குமுளி வழியாகக் கேரளாவுக்குப் பழ லோடு கொண்டு போயிருந்தார்.

"எங்கம்மாதான் டேங்க் வால்வை அடைச்சிட்டாக. அது தோட்டத்துக்குப் போயி சொட்டுநீர்க் குழாயப் பிடுங்கிக் குடிச்சிருக்கு. அதுனால உள்ள வச்சுப் பூட்டிட்டாக. ஒரு சொம்புத் தண்ணி மட்டும் வச்சிருக்காக. நான் காலையில வந்துதான் தொறந்தேன்."

"பூட்டச் சொல்லி யார் சொன்னது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எழுதிக் குடுத்ததத்தான் சொன்னாக."

டிரிப் ஏற்றத் தொடங்கினோம். அடுத்து ஒரே கேள்விதான் இருந்தது. அந்த ஹார்மோன் இவளுக்குச் சுரக்கவில்லையா, இல்லை சுரந்தும் சிறுநீரகம் ஏற்கவில்லையா. சுரக்கவில்லை என்றால் டெஸ்மோபிரெசின் என்ற மருந்து அதன் இடத்தை நிரப்பிவிடும், அவள் மற்றவர்களைப் போல இருக்கலாம். சிறுநீரகம்தான் ஏற்கவில்லை என்றால் அந்த மருந்தை எவ்வளவு கொடுத்தும் அனேகமாகப் பிரயோஜனமில்லை. சாப்பாட்டில் உப்பைக் குறைத்து, மற்றவர்களுக்குச் சிறுநீர் பிரியக் கொடுக்கும், இந்த நோயில் மட்டும் தலைகீழாக வேலை செய்யும் ஒரு மாத்திரையைக் கொடுத்து, போகிற அளவைப் பாதியாக்கலாம். மீதித் தாகத்தோடு ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். அவள் மாமியார் வீட்டில் அது எப்படிப்பட்ட ஆயுசாக இருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

டெஸ்மோபிரெசின் ஊசி எங்கள் மருந்துக்கடையில் இல்லை. மதுரையில் கேட்டு, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடச் சொன்னோம். இங்கே அவசர மருந்தெல்லாம் அப்படித்தான் வரும். அந்த இரண்டு மணி நேரமும் கணவரோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கன கோளாறு டாக்டரம்மா? கிட்னியா, மூளையா?"

"அதைத்தான் பாக்கப் போறோம். மூளைக்கு அடியில ஹைபோதலாமஸ்னு ஒரு இடம் இருக்கு. அங்க இருக்குற நரம்பு செல்லுங்கதான் இந்த ஹார்மோனைச் செய்யுது. செஞ்சத தன்னோட நரம்பு இழை வழியாவே கீழ இருக்குற பிட்யூட்டரி சுரப்பியோட பின்பக்கத்துக்கு அனுப்பும். பின்பக்கம் எதையும் செய்யாது. வந்ததை வச்சிருந்து, உடம்பு வறண்டா ரத்தத்துல விடும். பிரசவத்துல ஊசியாப் போடுற ஆக்சிடோசினும் அங்கதான் உருவாகி, அதே வழியிலதான் வருது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெளையிறது தோட்டத்துல, இருப்பு வைக்கிறது சின்னமனூர் மண்டியிலங்கிற மாதிரி."

"அதேதான். அங்கருந்து போற சரக்கைக் கிட்னி வாங்கினாத்தான் தண்ணிய உடம்புக்குத் திருப்பி எடுக்கும். இப்ப சரக்கு வரலையா, வாங்குறவன் கதவைத் தொறக்கலையான்னு தெரியணும். நாம வெளியிலருந்து சரக்கை அனுப்பிப் பாக்கப் போறோம்."

மருத்துவ மாணவர்களுக்கு நான் வாய்மொழித் தேர்வு வைத்திருக்கிறேன். இந்த ஹார்மோன் எங்கே உருவாகிறது என்று கேட்டு, பின்பிட்யூட்டரி என்று சொன்னவர்களை முறைத்திருக்கிறேன். அந்தத் தெளிவெல்லாம் ஒரு நோயாளியை நம்புவதற்கு உதவவில்லை.

அவர் திடீரென்று கேட்டார். "போன தடவை டெஸ்ட்டு எடுத்தீகளே, அன்னைக்கு நான் பழம் குடுத்தேன். அது தப்பா?"

"என்ன பழம்?"

"நம்ம தோட்டத்துப் பன்னீர் திராட்சை. தண்ணி, காப்பி, மோர், எளநி எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாக. பழம் கூடாதுன்னு சொல்லல. தாகத்துல அது துடிக்கிறதப் பாக்க முடியல. ஒரு பை நெறையா இருந்துச்சு. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கொறையும். அம்புட்டையும் தின்னுருச்சு."

திராட்சையில் முக்காலுக்கு மேல் தண்ணீர். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் என் கண் முன்னாலேயே வார்டுக்குள் வந்து அவள் வயிற்றில் போயிருக்கிறது. அவருக்கு அது விளைச்சல், பெட்டியில் அடுக்கி லோடு ஏற்றுகிற சரக்கு. அதைத் தண்ணீரோடு சேர்த்து யார் யோசிப்பார்கள்? தடை செய்தவற்றின் பட்டியலை நர்ஸுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்று அவள் சொன்னது சத்தியம்.

கண்டக்டர் கொடுத்த டப்பா ஒரு மணிக்கு வந்தது. ஒன்றேகாலுக்கு ஊசி போட்டேன். பையைக் காலி செய்து மாட்டினோம். முதல் ஒரு மணி நேரத்தில் நானூறு மில்லி. அதே பச்சைத் தண்ணீர். அடர்த்தி 1.003. கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், கூப்பிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இரண்டே முக்காலுக்கு நர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்தார். "மேடம், இறங்குறது நின்ன மாதிரி இருக்கு." குழாயை மடக்கி நீவினேன். அடைப்பு இல்லை. மூன்றேகால் மணிக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் அறுபது மில்லி. நிறம் மஞ்சள். அடர்த்தி 1.015.

சிறுநீரகம் சரக்கை வாங்கிக்கொண்டது. இத்தனை நாள் அதற்குச் சரக்குத்தான் வரவில்லை. உடனே டிரிப்பின் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். இனிமேல் உள்ளே போகிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும். பழைய வேகத்தில் விட்டால் உப்பு கிடுகிடுவென்று இறங்கி மூளை வீங்கிவிடும். இன்னொரு தடவை இவளைக் கெடுக்க எனக்குத் தெம்பில்லை. உப்பை அடிக்கடி பார்த்து, ஒன்றரை நாளில் நிதானமாகக் கீழே கொண்டுவந்தோம். ஸ்கேனில் பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய புள்ளி இல்லை. அதை மூளையோடு சேர்க்கும் காம்பு லேசாகத் தடித்திருந்தது. காரணம் என்ன என்பதற்கு இன்னும் சோதனைகள் பாக்கி இருந்தன, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். பாதி குடித்துவிட்டு, மீதியைப் பக்கத்து மேசையில் வைத்தாள். கணவர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மருந்தைத் தினமும் எடுக்க வேண்டும், தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடிக்க வேண்டும், பழக்கத்தில் குடிக்கக் கூடாது என்று சொன்னேன். தலைவலி, வாந்தி வந்தால் உடனே வரச் சொன்னேன். சொல்ல வேண்டியது அதோடு தீர்ந்துவிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ சொன்னது உண்மை. நான்தான் நம்பல. தப்பு என்மேலதான். என்னை மன்னிச்சிரு."

அவள் பரபரக்கவில்லை. அழவும் இல்லை. "எனக்கு மனசுல ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஹார்மோன் சுரக்கல. அவ்வளவுதான்."

அவள் கணவரிடம் கை நீட்டி செல்போனை வாங்கினாள். மாமியாரின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும்போதே என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா. நீங்க சொன்னா நம்புவாக. போன தடவையும் நீங்க சொன்னதத்தான் நம்புனாக."