வயலினை நிறுத்திய முகவீணை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் பாட்டில் என் கோபத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எழுபதுகளின் தொடக்கம். தருமபுரியில் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த என்னை நம்பி, எங்கள் ஊர்ப் புளி மண்டிக்காரர் ஒருவர் தன் முதல் படத்துக்கு இசையமைக்கச் சொன்னார். படத்தை வாங்க இருந்த மெட்ராஸ் விநியோகஸ்தருக்கு இது பிடிக்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஆளை வைத்துப் படம் விற்காது என்றார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு பாட்டை மட்டும் நான் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே கால்ஷீட்டில், அதாவது நான்கு மணி நேரத்துக்குள், அது முடிந்து நன்றாகவும் அமைந்தால் மீதிப் பாட்டுகளும் எனக்கு. இல்லாவிட்டால் எல்லாம் மெட்ராஸ்காரர் ஒருவருக்கு.

கம்போசிங்குக்கு மெட்ராஸில் ஹோட்டல் அறை போடுகிறேன் என்றார் தயாரிப்பாளர். நான் மறுத்துவிட்டேன். அவருடைய மண்டிக்கு மேலேயே ஓர் அறை காலியாக இருந்தது. புளித்தூள் மூக்கில் ஏறி, ஒரு மெட்டுக்கு இரண்டு தும்மல் என்ற கணக்கில் வேலை நடந்தது. டைரக்டர் எதிரே உட்கார்ந்து காட்சியைச் சொன்னார். வசனமும் பாட்டும் அவரேதான் எழுதினார். பெங்களூருக்கு வேலைக்குப் போன கணவன் அறுவடை நாளன்று ரயிலில் வருகிறான். மனைவி கேழ்வரகுக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். காட்சி இவ்வளவுதான்.

காட்சியைக் கேட்டதும் நான் ஆர்மோனியத்தைத் தொடவில்லை. மறுநாள் காலை வத்தல்மலைக்குப் போகும் வழியில் ஒரு கொல்லையில் (மேட்டு நிலத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பேர்) அறுப்பு நடப்பதைப் போய்ப் பார்த்தேன். குனிந்து, பிடித்து, அறுத்து, போட்டு, நகர்ந்து, மறுபடி குனிவதற்குள் ஆறு எண்ணிக்கை வந்தது. ஆக, தாளம் அங்கேயே கிடைத்துவிட்டது. அன்று மாலை அந்த ஆறு எண்ணிக்கைக்குள் ஐந்து மெட்டு போட்டேன். வார்த்தை கிடையாது, வெறும் தன்னானேதான். மூன்றாவதைக் கேட்டதும் டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். மத்யமாவதியின் சாயல் உள்ள மெட்டு. சரணத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த ராகத்தில் இல்லாத காந்தாரத்தைத் தொட்டிருந்தேன். அவள் கணவனை நினைக்கும் இடம் அது. மற்ற இடங்களில் தொட்டால் அழுகைப் பாட்டு ஆகிவிடும்.

மெட்டுக்கு வார்த்தை வந்தது.

அரிவாளு புடிச்ச கையி
அடிக்கடி நிக்குதய்யா.

'நிக்குதய்யா' என்ற இடத்தில் என் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு மெட்டு ஓடினால் கேட்கிறவன் சிரிப்பான். ஓடிய நான்கு ஸ்வரங்களை எடுத்துவிட்டு, ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிறுத்தினேன். பாட்டு எழுதுகிறவர் மெட்டுக்கு வளைய வேண்டும் என்பார்கள். நல்ல வார்த்தை வந்தால் மெட்டும் வளையத்தான் வேண்டும்.

அடுத்தது இடையிசை. முதல் இடையிசையில் ரயில் வருகிறது. அதற்கு அக்கார்டியனும் வயலின்களும். இரண்டாவது, அவளுடைய கொல்லை. அதற்கு எனக்கு முகவீணைதான் வேண்டும் என்று தோன்றியது. நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி, தெருக்கூத்தில் வாசிப்பார்களே அது. அதியமான்கோட்டையில் ஒருவர் இருந்தார். பகலில் விவசாயம், கூத்து நாளில் முகவீணை. வயது நாற்பதுக்கு மேல். ஆளை மண்டிக்கு வரவழைத்தேன்.

முகவீணையில் ஒரு தொல்லை உண்டு. அதன் சுருதியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், அவ்வளவுதான். அவருடையது ஐந்து கட்டைக்குச் சற்றே கீழே நின்றது. சீவாளியைத் தள்ளித் தள்ளி, என்னிடம் இருந்த சுருதிக் குழலோடு சரியாகச் சேர்ந்த பிறகு, பாட்டையே ஐந்து கட்டையில் வைத்தேன். பாட வேண்டிய அம்மாவுக்கும் அது வசதியான சுருதி. நாற்பது பேர் வாசிக்கிற பாட்டுக்கு எங்கள் ஊர் முகவீணை சுருதி வைத்தது என்பதில் எனக்கு அன்றே தலைக்கனம்.

மெட்ராஸில் என் உதவியாளர் எல்லாவற்றையும் நோட்டு எழுதினார். நான் பாடிக் காட்டுவேன், அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளில் பார் பாராக, அதாவது தாளக் கட்டம் கட்டமாக, எழுதுவார். பாடகியின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இரண்டு பார் இடைவெளி இருந்தது. அதை நிரப்ப வயலின்களுக்கு அழகான சின்னச் சின்னத் துணுக்குகள் எழுதினோம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து இழைத்த துணுக்குகள் அவை.

ரெக்கார்டிங் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், பாடகியும் கூடவே பாட வேண்டும், எல்லாம் ஒரே டேப்பில் ஏறும். கடைசி வரியில் ஒருவர் தும்மினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முகவீணையின் சத்தம் மற்றதையெல்லாம் விழுங்கும் என்று இன்ஜினியர் அவரை ஹாலின் கோடியில், திரைச்சீலையைப் பார்த்து நிற்க வைத்தார். ஒத்திகை முழுக்க அவர் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தே வாசித்தார்; பாடகி முணுமுணுத்துப் பாடியது அந்தக் கோடிக்கு எட்டவில்லை. ஒரு பிசகும் இல்லை. பதினொன்றரைக்கு டேக் போகலாம் என்றேன். பாடகி கண்ணாடி அறைக்குள் போய்விட்டதால் அவர் குரல் ஹாலில் கேட்காது. எனவே முகவீணைக்காரர் காதில் ஹெட்போனை மாட்டினார்கள்.

வினை அங்கேதான் வந்தது.

பாடகி முதல் வரியைப் பாடி நிறுத்தினார். உடனே, வயலின்களின் மேல், கோடியிலிருந்து முகவீணை அதே வரியைத் திருப்பி வாசித்தது. நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்க. ரெண்டாவது இடையிசையில மட்டுந்தான்."

"தெரியுங்க. தப்பு ஆயிடுச்சுங்க."

இரண்டாவது டேக். பல்லவி தாண்டியது. சரணத்தில் மறுபடி அதே. மூன்றாவது டேக்கில் முகவீணையை உதட்டிலேயே வைக்காமல் கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டார், பாவம். பயத்தில், தனக்கு உரிய இடம் வந்தபோதும் தொங்கவிட்டுக்கொண்டே நின்றார். வயலின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

விநியோகஸ்தர் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டார். "ஷெனாய்க்காரர் சும்மாதான உக்காந்திருக்கார். அவர்கிட்ட குடுத்தா ஒரே டேக்ல முடியும். இவரை ஊருக்கு அனுப்புங்க."

சொன்னதில் தவறில்லை. ஷெனாய்க்காரர் தங்கமான வித்வான், நோட்டைப் பார்த்தாலே வாசித்துவிடுவார். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறியது. அதை யாரிடமாவது காட்ட வேண்டுமே, நேரே முகவீணைக்காரரிடம் போய்க் கத்தினேன். "எத்தனை வாட்டிங்க சொல்றது? என் பொழப்பே இதுல நிக்குது!"

அவர் தலை குனிந்துகொண்டு சொன்னார். "நெனச்சு செய்யிலீங்க. காதுல அந்தம்மா பாட்டு கேக்குது. கூத்துல பாட்டுக்காரன் வாய மூடுனா நாம எடுக்கணும். எடுக்கலைன்னா அவன் மூச்சு வாங்க முடியாம நின்னுடுவான். இருவத்தஞ்சு வருசமா அப்படித்தானுங்க. கை தானா போயிருது."

நான் கத்திய வாயை மூடினேன். அந்த அறுப்புக் கொல்லை ஞாபகத்துக்கு வந்தது. ஒருத்தி பாடுவாள், அவள் குனியும்போது இன்னொருத்தி எடுப்பாள். அந்த இரண்டு பாரில் இருக்க வேண்டியது பதில். நானோ அங்கே அலங்காரம் வைத்திருந்தேன். இரண்டு ராத்திரி இழைத்து இழைத்து, ஊரில் கேட்டதையே மறந்து தொலைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமும்.

இன்ஜினியரிடம் பத்து நிமிடம் கேட்டேன். "எல்லாரும் பென்சில் எடுங்க" என்றேன். பல்லவியிலும் சரணத்திலும் வரி முடிகிற இடங்களில் வயலின் துணுக்குகளை எல்லாம் அடித்துவிடச் சொன்னேன். அதற்குப் பதிலாக இரண்டாம் வயலின்களும் செலோவும் கீழே பஞ்சமத்தை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், முதல் வயலின்கள் சும்மா இருக்க வேண்டும். கிடார் அந்த இடத்தில் மீட்டக் கூடாது. டோலக் மட்டும் ஆறு எண்ணிக்கையை விடாமல் போக வேண்டும்.

முதல் வயலின்காரர் மெட்ராஸில் பெரிய மனிதர். தாளை அடித்தபடியே, "ஸார், இருக்கிறதுலயே நல்ல பிட்டெல்லாம் இதுதான்" என்றார்.

"எனக்கும் தெரியும் ஸார். அடிங்க."

பாடகியிடம் போய், நீங்கள் முடிக்கிற கடைசி எழுத்தின் மேலேயே அவர் எடுப்பார், பரவாயில்லையா என்று கேட்டேன். "தாராளமா எடுக்கட்டும். எனக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்" என்றார் அந்த அம்மா. முகவீணைக்காரரிடம் நான் சொன்னது ஒன்றுதான். "கூத்துல எப்படியோ அப்படியே வாசிங்க. இடையிசைக்கு மட்டும் என் கையைப் பாருங்க."

பன்னிரண்டே முக்காலுக்கு நாலாவது டேக். முதல் வரிக்கு அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். இரண்டாவது வரிக்குப் பாதி சொல்லி நிறுத்தினார். 'நிக்குதய்யா' வந்தபோது அந்த ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு லேசாக நடுங்கவிட்டார். நான் எழுதியிருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் எனக்கு அது தோன்றியிருக்காது. சரணத்தில் என்னுடைய காந்தாரம் வந்ததும் அவர் பதிலே சொல்லவில்லை. அந்த இரண்டு பாரும் டோலக்கும் செலோவும் மட்டும் போயின. அவள் கணவனை நினைக்கிற இடத்தில் அதுவே சரியான பதில்.

கடைசி ஒலி அடங்கி, சிவப்பு விளக்கு அணைகிற வரை யாரும் அசையவில்லை. பிறகு முதல் வயலின்காரர் வில்லால் தன் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினார். பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். முகவீணைக்காரர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "ஏனுங்க தட்டறாங்க? மறுக்கா தப்பாயிடுச்சா?"

"இல்லீங்க. உங்களைப் பாராட்டறாங்க. இவங்க கை தட்டமாட்டாங்க, இப்படித்தான் தட்டுவாங்க."

தயாரிப்பாளர் விநியோகஸ்தரின் தோளில் கை போட்டு, "மீதிப் பாட்டு யாருக்குங்க?" என்று எங்கள் ஊர்க் குசும்போடு கேட்டார். விநியோகஸ்தர் என்னைக் காட்டினார். நான் வெளியே வராந்தாவுக்குப் போய் அழுதேன். பெருமையில் அழுவதற்கு எனக்கு வெட்கம் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

திரும்பி வந்தபோது டேப்பைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தன் வாசிப்பை முகவீணைக்காரர் வெளியிலிருந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. வாயைத் திறந்துகொண்டு கடைசி வரை நின்றார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இதே மாதிரிதான் எல்லா ஊருலயும் கேக்குமுங்களா?"

"ஆமாங்க. ரேடியோவுல போட்டாலும் இதேதான்."

"அந்தக் கடைசி அடியை நான் இன்னொரு தினுசா வாசிப்பேனுங்களே. இனிமே மாத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்க. நாம செத்தப்புறமும் நீங்க இப்படித்தான் வாசிப்பீங்க."

அவர் முகவீணையைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "அப்பச் சரியாத்தான் வாசிச்சிருக்கேன், வுடுங்க" என்றார்.