மூன்றாம் கவுண்டரின் நெடுங்காத்திருப்பு

வங்கிக் கிளையில் அவளை எல்லோரும் "மூணாம் நம்பர் அக்கா" என்றே அழைத்தார்கள். பதினோரு ஆண்டுகளாக மூன்றாம் கவுண்டரில் அமர்ந்திருப்பவளுக்கு இருக்கையின் எண்ணே பெயராய் ஒட்டிக்கொண்டது. முகவரி மாற்றமும் வாரிசு நியமனமும் அவள் பொறுப்பு. ஒற்றை அறை வீட்டில் தனியாக வாழ்ந்தாள். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை வாய் திறக்க அவளுக்குக் காரணமே இராது. "உக்காருங்க, சொல்லுங்க" என்று நாளொன்றுக்கு நாற்பது பேரிடம் சொல்வதுதான் அவளுக்கு வாய்த்த பேச்சு.

ஒரு திங்கட்கிழமை, அவளைவிட வயதில் இளையவரான மேலாளர் தம் அறைக்கு அழைத்தார். மேசைமேல் டோக்கன் காத்திருப்பு அறிக்கை விரிந்து கிடந்தது. நெரிசல் நேரம் பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை. மிக நீண்ட காத்திருப்பு முதல் கவுண்டரில் முப்பத்து நான்கு நிமிடம், இரண்டாவதில் இருபத்தொன்பது, மூன்றாவதில் தொண்ணூற்றெட்டு.

"தொண்ணூத்தெட்டா, அக்கா? மண்டல அலுவலகத்துல என் காதைத் திருகுறாங்க."

"அது நான் நிறுத்தி வச்ச டோக்கனுங்க, மேடம்."

மூன்று முறை அழைத்தும் ஆள் வராவிட்டால் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும். 'வரவில்லை' என்பதை அழுத்தினால் டோக்கன் அத்தோடு முடிந்தது, அறிக்கையிலும் இடம்பெறாது. 'நிறுத்தி வை' என்பதை அழுத்தினால் டோக்கன் உயிரோடிருக்கும். சீட்டு எடுத்த நிமிடத்திலிருந்து கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் முதலாவதை அழுத்தினார்கள். அவள் எப்போதும் இரண்டாவதை.

"இந்த வாரம் பாப்போம். குறையலைன்னா உங்களை ஆவண அறைக்கு மாத்தச் சொல்லிட்டாங்க."

ஆவண அறையில் சன்னல் இல்லை. பழைய கோப்புகளை ஒவ்வொரு தாளாய் ஸ்கேன் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் எவரும் அங்கே வருவதில்லை. 

இரண்டாம் கவுண்டர்க்காரனுக்கு, கைவேகத்தால், மின்னல் என்று பட்டப்பெயர். அவன் தடுப்பின் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "வரலைன்னா வரலைன்னு அமுக்குங்க, அக்கா. அதோட ஆயுசு முடிஞ்சது. புது டோக்கன் எடுத்தா புதுப் பிறவி, பழைய பாவம் ஒட்டாது."

"உனக்கு வாய் மட்டும் ஓயாது" என்று சிரித்தாள். ஆனாலும் அழுத்தினாள். மூன்று நாள்கள் அழுத்தினாள். எண்கள் சொன்னபடி கேட்டன.

வியாழனன்று நாற்பத்தேழை மூன்று முறை அழைத்தும் ஆள் வரவில்லை, 'வரவில்லை' என்று அழுத்தித் தீர்த்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து ஒரு முதியவர், பத்தே முக்கால் என்று நேரம் அச்சான அந்தச் சீட்டை நீட்டினார். தையல்காரர், ஆயுள் முழுக்க இயந்திர இரைச்சலில் இருந்து காது மந்தமானவர்.

"அது போயிடுச்சுங்க, ஐயா. புதுசு எடுக்கணும்."

சண்டை வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டாள். "என் தப்புதாம்மா" என்றார் அவர். எழுபத்தொன்றை எடுத்துக்கொண்டு போய் மறுபடி உட்கார்ந்தார். முப்பத்தொரு நிமிடம் கழித்து, திரையைப் பார்த்து எழுந்து வந்தார்.

"வாரிசுல பொண்டாட்டி பேரு இருக்கு. அவ போயிட்டா. யாரைப் போடணும்?"

"உங்க விருப்பம், ஐயா."

"சத்தமா சொல்லும்மா."

"உங்க விருப்பம்!"

"யாரும் இல்லைன்னா?"

"காலியா விடலாங்க!"

"காலியாவே இருக்கட்டும். காது மந்தமானதும் ஒரு விதத்துல நல்லதுதான். வீட்டுல யாரும் பேசலைங்கறது எனக்குக் கேக்காது பாரு."

அவர் போனபின் அவள் அன்றைய அறிக்கையைத் திறந்தாள். எழுபத்தொன்று: முப்பத்தொரு நிமிடம். நாற்பத்தேழு எங்குமில்லை. பத்தே முக்காலுக்கு வந்து, ஒரு மணி நேரம் காத்துக் கிடந்த மனிதரில் பாதியை அவள் விரல்தான் அழித்திருந்தது.

வெள்ளியன்று ஒரு பெண், வீறிட்டழுத கைக்குழந்தையோடு வெளியே போயிருந்தாள். அவள் எண்ணை மூன்று முறை அழைத்தாயிற்று. பொத்தான்கள் தோன்றின. விளைவு என்னவென்று தெரிந்தே அக்கா 'நிறுத்தி வை' என்பதை அழுத்தினாள். குழந்தை உறங்கியபின் அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"உக்காருங்க, சொல்லுங்க."

திங்களன்று அறிக்கையில் மூன்றாம் கவுண்டருக்கு எதிரே எண்பத்து மூன்று என்றிருந்தது.

"கடைசி நாள்ல போய் ஏன் அக்கா இப்படி?"

"அந்தம்மா திரும்பி வந்தாங்களே, மேடம்."

"அது இந்தத் தாளுக்குத் தெரியாதே."

"தெரியாதுங்க."

மேலாளர் பேனாவை நீட்டினார். அறிக்கையின் அடியில் கையெழுத்திட்டுவிட்டு, கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு அவள் ஆவண அறைக்குப் போனாள். தாள்கள் ஒவ்வொன்றாய் ஸ்கேனரின் ஒளிக்கோட்டின்மேல் ஊர்ந்தன. கதவு திறக்கப்படவே இல்லை.

ஒன்றரைக்கு மின்னல் தலையை நீட்டினான். "சாப்பிட்டாச்சா, அக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை, ஒருமுறை செருமிக்கொண்டு, மறுபடி தொடங்கவேண்டியிருந்தது.