பதினொரு மாத அனுமதி

1994 ஜூலையில் தங்கபுஷ்பம் முதல்முறையாக வாடகைக்கு வீடு பிடித்தாள். அதுவரை தாராவியில், கணவன், பிள்ளைகளோடு அண்ணன் குடும்பத்தின் ஒற்றை அறையில் இருந்தாள். செம்பூரில் கிடைத்த வீட்டுக்குப் பத்திரம் எழுத, தட்டச்சு செய்யும் வசந்தியிடம் கணவன் அருள்ராஜோடு போனாள். வெல்டரான அவன் அடுத்த மாதம் பஹ்ரைன் போக வேண்டும்.

"இது லீஸ்தானே?" என்று கேட்டான் அருள்ராஜ்.

"இல்லைங்க, லீவ் அண்ட் லைசன்ஸ்" என்றாள் வசந்தி. "லீஸ்னா வீட்டுமேல உங்களுக்கு ஒரு உரிமை வரும். வாடகைச் சட்டம் இருக்கு, ஓனர் லேசுல காலி பண்ணச் சொல்ல முடியாது. இது தங்கிக்க அனுமதி மட்டும். பதினொரு மாசம் முடிஞ்சா கிளம்பணும்."

"நான் போனப்புறம் இவ இருக்கலாம்ல?"

"அனுமதி உங்க பேருக்குத்தான். நீங்க இல்லாதப்ப ஓனர் தகராறு பண்ணா, இவங்க கேக்க முடியாது."

"அப்ப லீஸே போடுங்க."

"போட்டா வீடு தரமாட்டார். பம்பாயில இப்ப யாரும் தர்றதில்ல."

தங்கபுஷ்பத்தால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. அங்கே அவளும் பிள்ளைகளும் படுத்த இடத்தில் இப்போது கட்டில் போட்டாகிவிட்டது.

"என் பேருல எழுதுங்க" என்றாள்.

வசந்தி ஓனருக்கு போன் செய்தாள். அவர் சம்மதித்தார்.

கையெழுத்துப் போடும்போதே தங்கபுஷ்பம் மாதங்களை எண்ணினாள். அடுத்த ஜூனில் மழையும் பள்ளிக்கூடமும் தொடங்கும் நேரத்தில், கணவன் இல்லாமல், பிள்ளைகளோடு இதே மாதிரி இன்னொரு பத்திரத்தைத் தேடி அலைய வேண்டும். புது வீட்டில் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.