வண்டி பார்க்கத் தனியாகப் போனவள்

தஞ்சாவூரில் வாகனக் காப்பீடு போட்டுத் தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் படங்களும் கடன் பாக்கியுள்ள வண்டிகளின் தாள்களும் தினமும் என் மேசைக்கு வரும். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் உருட்டாத முதல் ஆள் நான். ஆகையால் ஒரு காகிதத்தைப் பார்த்து ‘இது செல்லாது’ என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வரட்டுமே.

என் தோழி பிசியோதெரபிஸ்ட். திருவிடைமருதூரைச் சுற்றியுள்ள ஊர்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பாள். ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் அவள் காசில் வாங்கியது, ஆனால் அண்ணன் பெயரில் இருந்தது. அறுவடை தொடங்கினால் சாவி அண்ணன் சட்டைப் பையில்தான் இருக்கும். பழைய கார் ஒன்றைத் தன் பெயரில் வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் சொல்வது என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

“வண்டி பாக்க நீயும் லீவு போட்டுட்டு வாயேண்டி” என்றாள். மாதக் கடைசி, விடுப்பு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான், என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு செய்தி எழுதினேன்.

பாதி இரவு உட்கார்ந்து வாட்சப்பில் தட்டினேன். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள், கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பார், ஒட்டாத இடத்தில் அடிபட்டதைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். நீ போகும்போது இன்ஜின் சூடாக இருக்கக் கூடாது, முதலில் பானெட்டைத் தொட்டுப் பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு. கால்மிதிக்கு அடியில் உள்ள விரிப்பைத் தூக்கு, வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கெல்லாம் சேறு இருக்கும். ஆர்.சி. புத்தகத்தின் அசலைப் பார், அதில் உள்ள சேசிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப்போகிறதா பார், கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால் கடன் முடிந்த சான்று கேள். காப்பீடு, புகைச் சான்று, அபராத பாக்கி. விற்பவர் வரச் சொன்ன பெட்ரோல் பங்கிலேயே பார், வேறு இடத்துக்குக் கூப்பிட்டால் போகாதே. ஓட்டிப் பார்க்கும்போது நீ ஓட்டு, கூட ஒருவருக்கு மேல் ஏற வேண்டாம். லைவ் லொகேஷன் போட்டு வை. எல்லாவற்றையும் போட்டோ எடு. கையில் பணம் கொண்டு போகாதே. டார்ச்சுக்கு உன் போனே போதும்.

“பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்டி” என்று குரல் பதிவு அனுப்பினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய், மன்னார்குடி சாலையில் அந்தப் பங்கில் இறங்கினாள். படங்கள் வரத் தொடங்கின. கவுன்ட்டரில் ஆள் நின்றுகொண்டிருக்க, மேசைக்கடியில் போனை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதவு, டயர், அடிப்பக்கம் முழுக்க ஒரு நீண்ட வீடியோ. பிறகு அவள் குரல், கிசுகிசுப்பாக: “பெல்ட்ட இழுத்தேன். கடைசி ஒரு முழத்துல மண்ணு கறை. நம்ம வாய்க்கால் தூரு வார்ற மண்ணு மாதிரியே இருக்கு.”

அடுத்து ஆர்.சி.யின் படம். உரிமையாளர் சீர்காழிக்காரர். விற்பவர் வெறும் புரோக்கர். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. ‘வேண்டாம். கிளம்பு’ என்று எழுதினேன்.

ஒற்றை டிக்.

கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. வரைபடத்தில் அவளுடைய புள்ளி பங்கைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய் நின்றிருந்தது. ஓட்டிப் பார்க்கப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்ததாக அந்தப் புள்ளி காட்டவில்லை. முன்னால் நின்றவர், “மேடம், நம்ம பாலிசி?” என்றார். அச்சடித்துக் கொடுத்தேன். அடுத்தவருக்கும் கொடுத்தேன்.

புரோக்கரின் எண்ணை அவள் முன்பே அனுப்பியிருந்தாள். கூப்பிட்டேன்.

“அவங்க அப்பவே போயிட்டாங்களே. பஸ் ஸ்டாப்ல வுடுறேன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க. நீங்க யாரும்மா?”

மரியாதையான குரல்தான். அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் வீட்டுக்குச் சொன்னால் கார் வாங்கும் திட்டமும் போகும், தனியாக வெளியே போகும் வேலையும் போகும். சொல்லாவிட்டால்? என் அம்மா அவள் வீட்டு வயலில் நடவுக்குப் போனவள். அந்த வீட்டில் என் வார்த்தை எவ்வளவு தூரம் எடுபடும் என்பதும் எனக்குத் தெரியும். போலீசுக்குக் கூப்பிட்டு என்ன சொல்வது, என் தோழியின் போனில் சார்ஜ் இல்லை என்றா? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் அவள் அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

வீட்டுக்குப் போய் அவள் போனைச் சார்ஜில் போட்ட பிறகுதான் என் எண் கிடைத்ததாம். நடந்தது இதுதான். போன் டார்ச்சாக எரிந்து எரிந்து, படம் எடுத்து, இருப்பிடம் காட்டிக் காட்டி, ஓட்டிப் பார்த்துத் திரும்பும் வழியில் செத்துவிட்டது. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே சாலைக்கு வந்திருக்கிறாள். பணம் எல்லாம் போனில். இலவச டவுன் பஸ் அந்தப் பக்கம் அப்போது இல்லை. டீக்கடை அக்காவின் போனை வாங்கினால், மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண். பள்ளிக்கூடம் முதல் எல்லாப் படிவத்திலும் அவள் எழுதிய அண்ணனின் எண். நீடாமங்கலத்தில் உரம் வாங்க வந்திருந்த அவர் பைக்கில் வந்தார். ‘வந்தது வந்தாச்சு, ஒரு பார்வை பாத்துருவோம்’ என்று அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பங்குக்கே போனார். அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்.

“ஏம்மா, நீதான் லிஸ்ட்டு போட்டு குடுத்தியாமே?” என்றார். கோபம் இல்லை. “நல்லாத்தான் இருக்கு. பேர் மாத்த என்னென்ன வேணும்னும் ஒண்ணு போட்டு அனுப்பு.”

“யார் பேர்லண்ணே?”

“என் பேர்லதான். அவ பேர்ல எடுத்தா, நாளைக்குக் கட்டிக்குடுக்குறப்ப வண்டியும்ல சேந்து போயிரும்.”

“பணம்?”

“அதான் அவ சேத்து வச்சிருக்கால்ல.”

“அண்ணே, அது தண்ணியில நின்ன வண்டி.”

“டெல்டாவுல தண்ணியில நிக்காதது எது, சொல்லு?” என்று சிரித்தார். “மனுசனே நின்னுருக்கான்.”

பின்னால் அவள் ஏதோ சொல்வது கேட்டது. “மதியத்துலேருந்து இதே பாட்டுதான். இந்தா, நீயே பேசு” என்று போனை அவளிடம் கொடுத்தார்.

“அந்த லிஸ்ட்ட அனுப்பிரு டி” என்றாள். அழுதிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“நீ பணம் குடுக்க மாட்டேன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். அம்மா சாப்பாட்டத் தொடல, வாசல்ல போயி உக்காந்திருக்கு. நீ அனுப்பலைன்னா அந்த ஆளு நீட்டுற பேப்பர்ல இவரு கையெழுத்துப் போட்டுருவாரு. கடன் கதையாவது தீந்துருக்கட்டும்.”

அவள் சொன்னது சரி.

உட்கார்ந்து தட்டினேன். சீர்காழிக்காரர் நேரில் வர வேண்டும், ஆதாரும் ஆர்.சி.யும் ஒரே ஆளுடையதா என்று பாருங்கள். கடன் முடிந்த சான்று கைக்கு வரும் வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவர் பெயரை நீக்கப் படிவம் முப்பத்தைந்து, பெயர் மாற்ற இருபத்தொன்பது, முப்பது. விற்பவர் கையெழுத்து, வாங்குபவர் கையெழுத்து.

அவர் உடனே படித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி வந்தது: ‘தங்கச்சி கையெழுத்து எதுலயாவது வேணுமா?’

படிவங்களை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவள் கையெழுத்துக்கு எங்காவது ஒரு கோடு இருக்காதா என்று தேடினேன்.

‘எதிலும் வேண்டாம்’ என்று எழுதினேன். சட்டப்படி அது சரியான பதில்.